இருபது எழுத்துப் பெயரை ஏழு துண்டாக்கிச் சொல்லித்தருவது எப்படி?

படிவம் 1 வகுப்பின் வருகைப் பதிவேட்டில் THIRUGNANASAMBANTHAN என்று ஒரு பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோமன் எழுத்தில் எண்ணினால் இருபது. தமிழில் எழுதிப் பார்த்தால் பத்தே எழுத்துதான்: திருஞானசம்பந்தன். அந்தப் பையன் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்திருக்கிறான். அந்த ஆறு வருடமும் அவன் பெயரை யாரும் தடுமாறிப் படித்ததில்லை. இங்கே அவன் வகுப்பாசிரியர் ஒரு மலாய்க்காரர், கணித ஆசிரியர் ஒரு சீனர். பதிவேட்டில் விரலை வைத்து, "திரு… திருக்… திருக்னா…" என்று இழுத்துவிட்டு, "ஓக்கே, திரு!" என்று முடித்துவிடுகிறார்கள். வகுப்பு சிரிக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், பெயர்ப்பட்டியலில் தன் முறை வருவதற்கு முன்பே அவன் கையைத் தூக்கிவிடுவான். பெயரைக் கூப்பிட விடக்கூடாது என்று பழகிக்கொள்கிறான்.

பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார். அது நீங்களாகத்தான் இருக்கும். ஆசிரியர் அறையில் உங்கள் மேசைக்கு வந்து, "சிக்கு, இந்தப் பேரை எப்படிச் சொல்றது?" என்று கேட்கிற சக ஆசிரியருக்கு நாம் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? ஒரு தடவை வேகமாகச் சொல்கிறோம். அவர் தலையாட்டுகிறார். வகுப்புக்குப் போகும் வழியிலேயே அது மறந்துவிடுகிறது. காதில் விழுந்ததை அவர் கண்ணால் பார்க்க ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், பிறப்புப் பத்திரத்து எழுத்துக்கூட்டல் ஏன் அவரை ஏமாற்றுகிறது என்று பார்த்துவிடலாம். பெரிய பள்ளம் gn. நம் பெரியவர்கள் 'ஞ' என்ற ஒலிக்கு இந்த இரண்டு எழுத்தைப் போட்டார்கள். தமிழ் தெரியாதவருக்கு அது 'க்'கும் 'ன்'னும் சேர்ந்தது. அதனால்தான் 'திருக்னானா' வருகிறது. இரண்டாவது th. ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது பல்லிடுக்கில் காற்று விடும் ஒலி. அதோடு, பெயரின் தொடக்கத்தில் உள்ள த-வும் கடைசியில் ந்-க்குப் பிறகு வரும் த-வும் நம் வாயில் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தொடக்கத்தில் வலிந்து, ந்-க்குப் பின்னால் மெலிந்து வருகிறது. எழுத்துக்கூட்டலில் இரண்டும் ஒரே th. மூன்றாவது, நெடில் எங்கே என்று தெரிவதே இல்லை. gna என்பதில் உள்ள a நெடில், அடுத்த na-வில் உள்ள a குறில். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே நண்பர் தப்பாகப் படிப்பது அலட்சியத்தால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதியிருப்பதைத்தான் அவர் படிக்கிறார்.

தாள் எழுத உட்காருவதற்கு முன் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "தம்பி, வீட்ல உன் பேரை எப்படிச் சொல்வாங்க?" இது மரியாதைக்காக மட்டும் கேட்பது இல்லை. நம் நாட்டில் பல வீடுகளில் ஞா பேச்சில் நா-வாகிவிட்டது. 'திருநானம்' என்றே பாட்டி கூப்பிடலாம். அம்மா 'சம்பந்தன்' என்று மட்டும் சொல்லலாம். பள்ளியில் எந்த வடிவம் ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது பெயருக்கு உரியவன். இலக்கணம் நம் பக்கம் இருந்தாலும், அவன் சொன்னதைத்தான் தாளில் எழுத வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அவன் முழுப் பெயரையும், ஞகரத்தோடு, கேட்டான் என்று வைத்துக்கொள்வோம்.

இனி வெட்டுவது. விதி இரண்டுதான். ஒரு துண்டில் ஓர் உயிரொலிதான் இருக்கலாம். இரண்டு மெய்யொலி அடுத்தடுத்து வந்தால் நடுவில் வெட்டு. அப்படிச் செய்தால் தி-ரு-ஞா-ன-சம்-பந்-தன் என்று ஏழு துண்டு கிடைக்கும். மலாய்ப் பாடத்தில் பிள்ளைகள் 'சுக்கு காத்தா' பிரிப்பதும் கிட்டத்தட்ட இதே முறைதான் என்பது நமக்கு ஒரு வசதி. நீங்கள் விதியை விளக்கவே வேண்டாம். தாளைப் பார்த்ததும் மலாய் ஆசிரியருக்குப் புரிந்துவிடும்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஏழு துண்டும் யாப்பில் வரும் அசை கிடையாது. யாப்பில் இரண்டு குறில் இணைந்து நிரையாகிவிடும். அதன்படி பிரித்தால் திரு/ஞா/னசம்/பந்/தன், அதாவது நிரை, நேர், நிரை, நேர், நேர் என்று ஐந்து அசைதான். உச்சரிப்புக்காக வெட்டும்போது குறில்களைச் சேர்க்கக்கூடாது. தேர்வுத்தாளில் அசை பிரிக்கும்போது சேர்க்காமல் விடக்கூடாது. இன்னொன்று: ம்-ப, ந்-த இரண்டும் இன எழுத்துச் சோடிகள். வல்லினம் தன் இன மெல்லினத்துக்குப் பின்னால் வரும்போது மெலிந்து ஒலிக்கும் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பாடம் நமக்கு இப்போது தேவைப்படப் போகிறது.

வெட்டிய துண்டுகளை எந்த எழுத்தில் எழுதுவது? நம்மில் பலருக்கு உடனே கை ஆங்கிலத்துக்குப் போகும்: thee, roo, nyah. மலேசியாவில் இது தேவையில்லாத சுற்றுவழி என்பது என் எண்ணம். ஆங்கில எழுத்துக்கு ஒரே ஒலி கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும். மலாய் எழுத்துக்கூட்டலோ பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பது. ஆசிரியர் அறையில் இருக்கும் எல்லாருக்கும், சீன ஆசிரியருக்கும்கூட, மலாய் வாசிக்கத் தெரியும். நமக்கு வேண்டிய ஞகரம் அதில் ny என்று தயாராகவே இருக்கிறது. மலாய் t நாக்கு பல்லை ஒட்டிப் பிறப்பது, நம் தகரத்துக்குப் பக்கத்து வீடு. மெலிந்த பகரத்துக்கு b, ந்-க்குப் பின்வரும் தகரத்துக்கு d. இந்த d நம் நாக்கு நிற்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்னால் பிறக்கும். பரவாயில்லை, th போட்டு 'தன்' என்பதை 'ட்டன்' ஆக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆக, தாளில் இப்படி இருக்கும்:

```
THIRUGNANASAMBANTHAN
ti-ru / nyaa-na / sam-ban-dan
```

மேல் வரி பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். கீழ் வரியை மட்டும் கொடுத்தால் பட்டியலில் பெயரைத் தேடும்போது அவருக்கு எது எது என்று தெரியாது. சாய்கோடு சொல்லின் பொருளை ஒட்டிப் போட்டது: திரு, ஞானம், சம்பந்தன். மூன்று சொல் சேர்ந்த பெயர் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், இருபது எழுத்தைப் பார்த்த பயம் பாதி போய்விடும். தேவாரம் பாடிய குழந்தையின் பெயர் என்ற கதையையும் கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொன்னால் அவருக்கு அடுத்த வகுப்பு மணி அடித்துவிடும்.

ஏழு துண்டுக்கும் அவருக்குத் தெரிந்த மலாய்ச் சொல் ஒன்றின் தொடக்கத்தைக் காட்டலாம். tiga-வில் வரும் ti. rumah-வில் வரும் ru. பாடுவதைக் குறிக்கும் nyanyi-யில் வரும் nya, ஆனால் சற்று நீட்டி. nama-வில் வரும் முதல் na. sambal-இல் வரும் sam. bantu-வில் வரும் ban. கடைசியில் dan, அது முழுச் சொல்லாகவே இருக்கிறது. இதைத் தாளில் எழுத வேண்டாம், தாள் நெருக்கமாகிவிடும். வாயால் ஒருமுறை சொன்னால் போதும். சம்பல் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

சொல்லித்தரும்போது முன்னாலிருந்து தொடங்காதீர்கள். 'தி, திரு, திருஞா…' என்று ஏறிக்கொண்டே போனால், அவர் ஒவ்வொரு முறையும் தெரிந்த இடத்தில் தொடங்கித் தெரியாத இடத்தில் போய் விழுவார். பின்னாலிருந்து வாருங்கள். dan. ban-dan. sam-ban-dan. இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்தான்" என்று சொல்லலாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் இருக்கிறது. அதே பெயரில் மோனோரயில் நிலையமும் இருக்கிறது. 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனின் பெயரில் உள்ள 'தி' எதைக் குறிக்கிறது? திருஞானசம்பந்தன்தான். தந்தை வீராசாமி, அதனால் 'வீ'. அப்படியானால் பையனுடைய பெயரில் ஏழில் மூன்று துண்டு நண்பரின் வாயில் பல வருடமாக இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது நாலு துண்டு மட்டும்.

அடுத்து na-sam-ban-dan. பிறகு nyaa-na-sam-ban-dan. கடைசியில் முழுப் பெயர். இப்படி வரும்போது ஒவ்வொரு தடவையும் புதிய துண்டில் தொடங்கிப் பழகிய துண்டில் முடிக்கிறார். பெயரின் முடிவு தடுமாறாமல் இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மறுநாள் காலையில் ஒருமுறை, நடைபாதையில் பார்க்கும்போது, சும்மா கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது நாள் கேள்வி இல்லாவிட்டால் முதல் நாள் ஐந்து நிமிடம் வீண்.

இனி எங்கே தவறும் என்று பார்ப்போம். மலாய் பேசுபவர்கள் பலர் சொல்லின் ஈற்றயல் துண்டை இழுப்பார்கள். அப்போது சம்பந்தன் 'சம்பாந்தன்' ஆகிவிடும். உங்கள் காதில் பா விழுந்தால் காரணம் இதுதான். "ban சின்னது" என்று சொல்வதைவிட, மேசையில் விரலால் எட்டுத் தட்டுத் தட்டிக் காட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு, nyaa-வுக்கு மட்டும் இரண்டு. தட்டோடு சேர்ந்து சொன்னால் இழுவை தானாகப் போய்விடும்.

இன்னொன்று, துண்டின் கடைசி a. நம் வட்டாரங்கள் பலவற்றில் மலாய்ச் சொல்லின் இறுதி a தெளிவாக 'அ' என்று ஒலிப்பதில்லை. nama என்பதை 'நாம' என்று சொல்லாமல் 'நாமெ' என்பதுபோல் மழுப்பிச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் nyaa-na-வுக்குப் பிறகு நண்பர் மூச்சு விட்டால், 'ஞானெ' என்று வரும். சாய்கோட்டைப் பார்த்து நிற்பதால் வரும் கோளாறு இது. சாய்கோடு கண்ணுக்கு, வாய்க்குக் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். நிற்காமல் sam-க்கு ஓடினால் na சரியாக விழும்.

nyaa என்று இரட்டை a போட்டதிலும் சின்னச் சிக்கல் உண்டு. maaf என்ற சொல்லில் aa இரண்டு தனித்துண்டு. அதே கண்ணோடு படித்தால் 'ஞ-அ' என்று உடைந்து வரும். ஒருமுறை நீங்கள் நீட்டிச் சொல்லிக் காட்டினால் சரியாகிவிடும். இதற்குப் பயந்து நெடிலைப் பெரிய எழுத்தில் NYA என்று எழுதுவது அதைவிட மோசம். ஆங்கில ஆசிரியர்களுக்குப் பெரிய எழுத்து என்றால் அழுத்தம். அந்த ஒரு துண்டை உரக்கச் சொல்லிவிட்டு மற்ற ஆறையும் விழுங்கிவிடுவார்கள். தமிழில் எந்தத் துண்டையும் விழுங்கக்கூடாது. அதனால்தான் எல்லாமே சின்ன எழுத்து.

எதை விட்டுவிடலாம்? ந, ன வேறுபாட்டைத் திருத்த வேண்டாம். நம்மவர்களே பேச்சில் பிரிப்பதில்லை. d சற்றுப் பின்னால் ஒலித்தாலும் விட்டுவிடுங்கள். 'க்னா', காணாமல்போன துண்டு, இவற்றை மட்டும் விடாதீர்கள். நண்பரின் வாய் ஏழு துண்டையும் வரிசை மாறாமல் தொட்டுவிட்டால் பையன் திரும்பிப் பார்ப்பான். அதுதான் நமக்குச் சோதனை. கேட்காமல் சுருக்குவதையும் விடாதீர்கள். 'திரு' என்று மட்டும் கூப்பிட்டால் நமக்குச் சிரிப்பு வரும், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனை வகுப்பே மரியாதை அடைமொழியால் கூப்பிடுவதுபோல இருக்கும். அவனே 'சம்பந்தன்னு கூப்பிடுங்க சிக்கு' என்றால் அது வேறு.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு மலாய் வழி முழுதாக உதவாது. சக ஆசிரியர்களில் பலர் படிப்பது ஆங்கிலமும் மாண்டரினும். ny-க்கு மட்டும் கவலை இல்லை, nyonya என்ற சொல் அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் பின்யின் பழகியவர் ti-யைப் பார்த்தால் காற்றை ஊதி 'த்ஹி' என்பார், ஏனென்றால் பின்யினில் t ஊதும் எழுத்து. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கையில் காற்றுப் படாமல் வந்தால் அது நம் தி. பின்யினில் di என்று எழுதினால் சிலருக்கு இன்னும் எளிதாக வரும், பின்யின் d ஊதாத எழுத்து. அதே தாளை மலாய் நண்பரிடம் கொடுத்துவிடாதீர்கள், அவர் 'டி' என்பார். ஒருவருக்கு எழுதிய குறிப்பு ஒருவருக்குத்தான்.

இந்தப் பெயரில் ழகரம் இல்லாதது நம் அதிர்ஷ்டம். POONGUZHALI வந்தால் என்ன செய்வது? 'ங்கு' எளிது. மலாயில் tinggi என்று இரட்டை g போட்டு எழுதும் அதே ஒலி: puung-gu. பதிவேட்டில் உள்ள zh-ஐப் பார்த்தால் பெரும்பாலும் 'ஸ' என்றுதான் படிப்பார்கள். பூங்குஸாலி. ஆகவே குறிப்பில் zh வரவே கூடாது. ra என்று எழுதி அடிக்கோடு இடுங்கள். அடிக்கோடு என்றால் 'நாக்கு நுனியை மேலே வளை, அண்ணத்தைத் தொடாதே' என்று பொருள். மாண்டரின் பேசுபவருக்கு இது கஷ்டமே இல்லை. அவர்கள் இரண்டு என்ற எண்ணுக்கு er என்று சொல்லும்போது நாக்கு நிற்கும் இடம் நம் ழகரத்துக்கு மிக அருகில். "அந்த நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு 'அ' சொல்லுங்க" என்றால் வந்துவிடும். ழகரத்தை வைத்துத் தமிழ் பேசாதவர்களை மிரட்டுவது நமக்கெல்லாம் ஒரு பழக்கம். சீன ஆசிரியரிடம் அந்த மிரட்டல் பலிக்காது. மலாய் நண்பருக்கு வரவில்லை என்றால் la என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் பாட்டியே 'பூங்குளலி' என்று கூப்பிடக்கூடும். ஸகரத்தைவிட லகரம் அவள் காதுக்குப் பழகியது.

பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் தனியாகச் சில வேலை உண்டு. அங்கே அறிவிப்பாளர் நீங்கள் சொல்லிக்கொடுத்த வகுப்பாசிரியராக இருக்க மாட்டார். பட்டியல் கையில் கிடைத்த பிறகு ஓடக்கூடாது. மூன்று நாள் முன்பே வாங்கி, நம் பிள்ளைகளின் பெயருக்கு நேராகக் குறிப்பை எழுதுங்கள். பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினால் மேடையில் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். a/l, a/p-க்கு முன்னால் ஒரு கோடு போட்டு, எது பிள்ளையின் பெயர், எது அப்பாவின் பெயர் என்று காட்டுங்கள். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணி அப்பாவை மேடைக்கு அழைப்பது இன்னும் நடக்கிறது. அப்பா பெயரையும் படிப்பார்கள் என்றால் அதற்கும் குறிப்பு வேண்டும். பெற்றோர் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களே சொல்லி ஒலிப்பதிவு செய்து புலனத்தில் அனுப்புவதும் நல்லது, ஆனால் முழுப் பெயரை வேகமாக ஒருமுறை, பிறகு துண்டு துண்டாக ஒருமுறை, மறுபடி வேகமாக ஒருமுறை என்று மூன்றும் இருக்கட்டும். துண்டுகளோடு நிறுத்திவிட்டால் மேடையிலும் தி, ரு, ஞா, ன என்று துண்டு துண்டாகவே கூப்பிடுவார்.

ஒத்திகையின்போது பெயருக்கு உரியவனைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். அறிவிப்பாளர் சொன்னதும் உங்களைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, "சரியா?" என்று கேட்கட்டும்.